சங்கத்துக் கணனிக்கு ஒரு முழுப்படி

எமது சிக்கன கடனுதவிச் சங்கத்தின் கணக்குகள் யாவும் ஒரு பழைய கணனியில் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டு ஓர் உதவி நிறுவனம் தந்த கணனி அது. அதில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. சேமிப்பு, விதைநெற் கடன், இறைப்பு யந்திரக் கடன் ஆகியவற்றைப் பதியும் மென்பொருளை எம்மோடு முகாமில் இருந்து படித்த ஓர் இளைஞர் எழுதித் தந்தார். அவர் வெளிநாடு போய்ப் பல வருடங்களாகின்றன. அவர் தந்த நிறுவல் தட்டு எங்கே என்று எவருக்கும் தெரியாது.

இப்படி ஒரு கணனி இன்று பல கிராமச் சங்கங்களில் இருக்கும். பழையது என்று எறியவும் முடியாது, புதியதற்கு மாறவும் வழியில்லை. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து எழுந்து வந்தவர்களும், பின்னர் வன்னிக்குள்ளேயே இடம்விட்டு இடம் போனவர்களுமாக எமது உறுப்பினர்கள் வந்து சேர்ந்தவர்கள். சேமிப்புப் புத்தகத்தை வழியில் தொலைத்தவர்கள் அநேகர். யார் எவ்வளவு போட்டார், யார் கடனை அடைத்து முடித்தார் என்பதற்கு அந்தக் கணனியே சாட்சி. அது ஒருநாள் நின்றுபோனால் என்ன செய்வது என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

எமது பொருளாளர் அக்காவிடம் இதைக் கேட்டபோது, "ஏன் தம்பி பயப்படுறீர்? ஒவ்வொரு வெள்ளியும் கணக்குக் கோப்பைப் பென் டிரைவில எடுத்து வைக்கிறன்தானே" என்றார். அவர் செய்வது நல்ல காரியம். ஆனால் அது போதாது என்பதை அயல் கிராமச் சங்கமொன்று தனது செலவிலே எமக்குக் காட்டியது.

அவர்களுடைய கணனி ஒரு மாரியில் திறக்க மறுத்தது. நகரத்துக் கடையொன்றில் கொடுத்தார்கள். கடைக்காரர் வன்தட்டை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் வரையில் அது திருத்தம்தான், கணனி திறந்தது. கணக்குக் கோப்பும் பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதை வாசிக்கும் மென்பொருள் இல்லை. பழைய பிரதியொன்றைத் தேடியெடுத்து இயக்கியபோது திரையில் வந்தது இதுதான்: "Component 'MSFLXGRD.OCX' or one of its dependencies not correctly registered". அதாவது, மென்பொருளுக்குத் துணையாக விண்டோஸுக்குள் வேறோர் இடத்தில் வைக்கப்பட்டிருந்த சிறு கோப்பொன்று இல்லை. அதைத் தேடிப் போட்டால் இன்னொன்று இல்லை என்றது. கோப்பை நேராக அக்செஸ் மூலம் திறந்து பார்த்தபோது உறுப்பினர் பெயர்கள் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையே தெரிந்தது. பெயர்கள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் "அம்மா" என்பது mk;kh என்றும் "தமிழ்" என்பது jkpo; என்றுமே தெரியும். எழுத்துருவைப் போட்டதும் பெயர்கள் திரும்பின. ஆனால் வட்டி கணக்கிடும் விதிகள் மென்பொருளுக்குள் இருந்தன, அவை திரும்பவில்லை. பழைய பற்றுச்சீட்டுகளைக் கொண்டு பேரேட்டைக் கையால் எழுதி முடிக்க அவர்களுக்கு ஒரு போகம் முழுவதும் சென்றது. அந்தப் போகத்தில் அவர்களால் விதைநெற் கடன் கொடுக்க முடியவில்லை.

மிளகாய்க் கன்றை இடம் மாற்றுகிறவர் அதை இழுத்துப் பிடுங்குவதில்லை. வேரோடும் வேரைச் சுற்றிய மண்ணோடும் கிளப்பி எடுக்கிறார். கணக்குக் கோப்பை மாத்திரம் பிரதி எடுப்பது கன்றை இழுத்துப் பிடுங்குவதைப் போன்றது. விண்டோஸ், மென்பொருள், அதன் துணைக் கோப்புகள், எழுத்துரு, அச்சுப்பொறியின் அமைப்பு, கணக்கு என்று வன்தட்டில் உள்ள அனைத்தையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, இருக்கும் ஒழுங்கிலேயே எடுத்து ஒரே கோப்பாக வைக்கலாம். இதை வட்டுப் படிமம் என்பார்கள். எமது சங்கத்தில் முழுப்படி என்கிறோம். அதை இன்னொரு வன்தட்டில் திரும்ப எழுதி அதே கணனியில் பொருத்தினால், படி எடுத்த நாளில் இருந்தபடியே கணனி திறக்கும். எதையும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை.

இதற்கு எமக்குத் தேவைப்பட்டவை நான்கு. ஓரளவு புதிய மடிக்கணனி ஒன்று. பங்குமனையில் இரவல் வாங்கினோம். பழைய வன்தட்டை யூ.எஸ்.பி. மூலம் இணைக்கும் வயர் ஒன்று. பழைய ஐ.டி.ஈ. வகைத் தட்டுக்கும் பொருந்துவதாக, தனியான மின்வழங்கியுடன் வருவதாகப் பார்த்து அதை வாங்க வேண்டும். படியைச் சேமிப்பதற்கு ஒரு வெளித் தட்டு. நான்காவது, சிஸ்டம்ரெஸ்கியூ என்னும் இலவச லினக்ஸ் தொகுதி எழுதப்பட்ட ஒரு பென் டிரைவ். மடிக்கணனியை விண்டோஸில் திறக்காமல் இந்தப் பென் டிரைவிலிருந்து திறப்பதற்குக் காரணம் உண்டு. பழுதான தட்டொன்றைக் கண்டால் விண்டோஸ் அதை அழித்து அமைக்கவா என்று கேட்கும். சில வேளை கேளாமலே அதில் எழுதவும் செய்யும். படி எடுக்கும்வரை பழைய தட்டில் ஒரு எழுத்தும் எழுதப்படக் கூடாது.

வன்தட்டைக் கழற்றுமுன் கணனியின் மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள். நாடா வயர் எந்தப் பக்கமாகச் செருகியிருந்தது என்பதையும், தட்டின் பின்புறமுள்ள சிறு இணைப்பி எந்த ஊசிகளில் இருந்தது என்பதையும் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பொருத்தும்போது கணனி தட்டைக் காணவில்லை என்றால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் பிழைத்திருக்கும்.

எல்லாவற்றையும் இணைத்தபின் முதலில் இதை அடித்தோம்:

```
lsblk -o NAME,SIZE,MODEL
```

எந்தத் தட்டுக்கு எந்தப் பெயர் என்று இது காட்டும். முழு வேலையிலும் மிகவும் கவனமாகச் செய்ய வேண்டிய இடம் இதுவே. எமது மடிக்கணனியில் பழைய தட்டு sdc என்றும் வெளித் தட்டு sdd என்றும் வந்தன. உங்களுடையதில் வேறாக வரும். அளவைப் பார்த்தே பிடிக்க வேண்டும். 40 ஜிகாபைட் என்று எழுதிய தட்டு இங்கு 37.3G என்று தெரியும். 500 ஜிகாபைட் தட்டு 465.8G என்று தெரியும். குறைகிறதே என்று பயப்பட வேண்டாம், கணக்கிடும் முறை வேறு, அவ்வளவுதான். இங்கு பெயரை மாறிக் கொடுத்தால் வெறுந் தட்டைப் பழைய தட்டின்மேல் எழுதிவிட நேரும். ஒருவர் அடிக்க இன்னொருவர் வாசித்துச் சரிபார்ப்பது எமது வழக்கம்.

பின்னர் படி எடுத்தல்:

```
mkdir /mnt/padi
mount /dev/sdd1 /mnt/padi
cd /mnt/padi
ddrescue -n /dev/sdc sangam.img sangam.map
ddrescue -d -r3 /dev/sdc sangam.img sangam.map
```

நான்காவது வரி தட்டின் நல்ல பகுதிகளை முதலில் விரைவாக எடுத்துவிடுகிறது. வாசிக்க முடியாத இடம் வந்தால் அங்கு நின்று மல்லுக்கட்டாமல் குறித்து வைத்துவிட்டு அப்பால் போகிறது. ஐந்தாவது வரி, குறித்து வைத்த இடங்களுக்கு மாத்திரம் திரும்பிப் போய் மேலும் மூன்று முறை முயல்கிறது. sangam.map என்பது அந்தக் குறிப்பேடு. இடையில் மின்சாரம் போனாலும் அதே வரியைத் திரும்ப அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மின்வெட்டுக்குப் பழகிய எமக்கு இது பெரிய ஆறுதல். நல்ல நிலையிலுள்ள 40 ஜிகாபைட் தட்டு அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் முடியும். தேய்ந்த தட்டு ஒரு பகலையே எடுக்கலாம்.

வெளித் தட்டு FAT32 முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 4 ஜிகாபைட்டுடன் வேலை நின்றுவிடும்; அந்த முறை அதைவிடப் பெரிய ஒரே கோப்பை ஏற்காது. எமக்கு முதல்நாள் நடந்தது இதுதான். தட்டில் இடம் நிறைய இருக்க ஏன் நிற்கிறது என்று மத்தியானம்வரை முழித்தோம். NTFS முறைக்கு மாற்றியபின் ஓடியது. மாற்றும்போது அந்த வெளித் தட்டில் இருப்பவை யாவும் அழியும் என்பதால், வெறுமையான தட்டையே இதற்கு ஒதுக்குங்கள்.

கோப்பு கிடைத்ததும் வேலை முடிந்தது என்று கைகழுவி எழுந்துவிடுவது பெரும்பாலோர் வழக்கம். எனது அபிப்பிராயத்தில் அந்தக் கோப்பு இன்னும் ஒரு நம்பிக்கை மாத்திரமே. திரும்ப எழுதிப் பார்க்காத படியைப் படியென்று எண்ணக் கூடாது. ஆகவே சங்கத்திடம் இன்னொரு செலவையும் கேட்டேன், ஒரு மாற்று வன்தட்டு. செயற்குழுவில் சிலர் முகம் சுழித்தார்கள். பழுது வந்தபின் வாங்கலாமே என்றார்கள். பழுது வந்த அன்று கடை கடையாக ஐ.டி.ஈ. தட்டுத் தேடுவது எப்படி என்று அயல் சங்கத்தாரைக் கேட்கச் சொன்னேன். அந்த வகைத் தட்டுகள் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. நாம் 120 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றையும், அதைப் பழைய நாடா வயரில் பொருத்தும் மாற்றி ஒன்றையும் வாங்கினோம். மாற்றுத் தட்டு பழையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 40 என்று எழுதிய இரண்டு தட்டுகளில் ஒன்று மயிரிழை சிறிதாக இருந்தாலும் கடைசிப் பகுதி உள்ளே போகாது. அதற்காக மிகப் பெரியதை வாங்குவதும் பிழை. பழைய கணனிகள் பல 137 ஜிகாபைட்டுக்கு மேல் தட்டைச் சரியாக அறியமாட்டா.

பழைய தட்டைக் கழற்றிவிட்டு அதே வயரில் புதியதை இணைத்தோம். மீண்டும் lsblk. 111.8G என்று தெரிந்தது புதியது. பெயர் மறுபடியும் sdc. வெளித் தட்டை முன்போல mount செய்து அதற்குள் போனபின்:

```
ddrescue -f sangam.img /dev/sdc thirumba.map
```

இது முடிந்ததும் அந்தத் தட்டைச் சங்கக் கணனியில் பொருத்தினோம். முதல்நாளே பொருளாளர் அக்கா உறுப்பினர் நிலுவைப் பட்டியல் முழுவதையும் பழைய தட்டிலிருந்து அச்சடித்து வைத்திருந்தார். இப்போது புதிய தட்டிலிருந்து அதே பட்டியலை அச்சடித்தார். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். எல்லாம் பொருந்தின. அன்றுதான் எமக்கு ஒரு முழுப்படி இருக்கிறது என்று கூட்டக் குறிப்பில் எழுதினோம். சோதித்த மாற்றுத் தட்டைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். பழையது மீண்டும் கணனிக்குள் போயிற்று.

அதற்கடுத்த மாரியில் ஒரு காலை, கணனிக்குள்ளிருந்து டக், டக் என்று ஒரே சீராய்ச் சத்தம் வந்தது. திரை கறுப்பாகவே நின்றது. இத்தகைய சத்தம் கேட்டால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். தட்டை வாசிக்கும் முனை தனது இடத்தைக் காணாமல் அலையும் சத்தம் அது. ஒவ்வொரு முறையும் சேதம் கூடலாம். தட்டைச் சரிபார்க்கும் chkdsk என்பதையும் அந்த நேரத்தில் ஓட்டக் கூடாது. இறக்கும் தறுவாயில் உள்ள தட்டில் அது எழுதத் தொடங்கி, மிஞ்சியதையும் குழப்பிவிடும். நாம் நிறுத்தினோம், பெட்டியைத் திறந்தோம், மாற்றுத் தட்டைப் பொருத்தினோம். மத்தியானத்துக்கு முன் பேரேடு திறந்தது. வெள்ளிக்கிழமைப் பென் டிரைவில் இருந்த கணக்குக் கோப்பை அதன் இடத்தில் வைத்தோம். வெள்ளிக்குப் பின்னான நான்கு நாட்களின் வரவுகளைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் கார்பன் தாளிலிருந்து அக்கா திரும்பப் பதிந்தார். ஆகவே அக்காவின் வெள்ளிக்கிழமை வேலையை நிறுத்தும்படி நான் ஒருபோதும் சொல்லவில்லை. முழுப்படி கணனியைத் திருப்பித் தரும்; கடைசி வாரத்துக் கணக்கை அந்தப் பென் டிரைவ்தான் தரும்.

அன்று ஒரு பிழை நடக்கப் பார்த்தது. கணனியின் திகதி பல வருடங்கள் பின்னால் போயிருந்தது. தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற CR2032 பற்றரி தீர்ந்திருந்ததே காரணம். மின்செருகியைப் பிடுங்கியதும் திகதி மறந்துபோயிற்று. அப்படியே வரவுகளைப் பதிந்திருந்தால் வட்டி முழுவதும் தலைகீழாகியிருக்கும். இப்போது புதிய பற்றரி போட்டிருக்கிறோம். தட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும், மென்பொருளைத் திறக்குமுன் திகதியைப் பார்ப்பது கட்டாயம் என்று எழுதியும் வைத்திருக்கிறோம்.

முழுப்படியால் ஆகாதவையும் உண்டு. வன்தட்டு பழுதானால், விண்டோஸ் கெட்டால், நச்சுநிரல் புகுந்தால், யாரும் தவறுதலாக அழித்தால் அது காப்பாற்றும். தாய்ப்பலகை எரிந்தால் நிலைமை வேறு. எக்ஸ்பி தான் நிறுவப்பட்ட கணனியின் உறுப்புகளை நினைவில் வைத்திருப்பது. அந்தத் தட்டை வேறு வகைக் கணனியில் பொருத்தினால், பெரும்பாலும் நீலத் திரையில் 0x0000007B என்று காட்டி நின்றுவிடும். அதனால்தான் பழைய சாமான் கடையில் அதே வகைக் கணனி ஒன்றைக் கண்டபோது மலிவாக வாங்கிக் களஞ்சியத்தில் வைத்தோம். புதிய கணனிக்குள் பாவனைக் கணனி ஒன்றை அமைத்து, படியை அதற்குள் ஓட்டும் வழியும் உண்டு. அங்கும் இதே உறுப்புப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டிவரும் என்பதால் ஆறுதலாக இருக்கும் காலத்தில் முயல வேண்டிய வேலை அது. பழுது வந்த நாளுக்கு உதவாது.

நச்சுநிரல் பற்றி இன்னொன்று. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை அதன் கம்பனி 2014 ஏப்ரலுடன் நிறுத்திவிட்டது. ஆகவே எமது கணனியை இணையத்தில் இணைப்பதில்லை. ஆனால் பென் டிரைவால் தொற்று வரலாம். தொற்று வந்தபின் எடுத்த படியும் தொற்றுள்ள படியே. அதனால் புதிய படி எடுத்ததும் பழையதை அழிப்பதில்லை. கடைசி இரண்டை எப்போதும் வைத்திருக்கிறோம்.

படியை எங்கே வைப்பது என்பதில் எமது பொதுக்கூட்டத்தில் நல்ல வாக்குவாதம் நடந்தது. கணனிக்குப் பக்கத்து அலுமாரியில் என்றார் ஒருவர். கூரை பிரிந்தாலும் வெள்ளம் வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். தலைவர் வீட்டில் என்றார் இன்னொருவர். அதை நானே எதிர்த்தேன். அந்தக் கோப்புக்குள் ஒவ்வொரு குடும்பத்தின் சேமிப்பும் கடனும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கின்றன. எவருடைய வீட்டிலும் அது தனியே கிடப்பது சரியல்ல, அவர் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும். கடைசியில் ஒன்று பங்குமனைப் பெட்டகத்திலும் மற்றொன்று சங்கங்களின் பிரதேச அலுவலகத்திலும் என்று தீர்மானமாயிற்று. கடவுச்சொல் போட்டுப் பூட்டவும் சிலர் கேட்டார்கள். சொல் மறந்தால் படி இருந்தும் இல்லாததாகிவிடும். பெட்டகத்துத் திறப்பே போதும் என்பது எனது வாதம். அதை எல்லோரும் ஏற்றார்கள் என்று சொல்ல மாட்டேன்.

படி எடுக்கும் காலம், காலபோகக் கடன் கணக்கு முடிந்தபின் ஒருமுறை, சிறுபோகத்துக்குப் பின் ஒருமுறை. மென்பொருளிலோ அச்சுப்பொறியிலோ மாற்றம் செய்தால் அதற்கு முன்னும் பின்னும். கடைக்காரர் எவரும் கணனியைத் தொடுமுன் கட்டாயம் ஒருமுறை.

கூட்டத்தின் முடிவில் வயதான உறுப்பினர் ஒருவர் எழும்பி, "தம்பி, நீயும் ஒருநாள் ஊருக்குத் திரும்பிப் போவாய். பிறகு ஆர் இந்த வரியளை அடிக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த மென்பொருளை எழுதியவர் போனபோது நாம் செய்த அதே பிழையை நானும் செய்துகொண்டிருந்தேன். அடுத்த கிழமை எல்லா வரிகளையும் ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, வயர்களின் படங்களையும் ஒட்டி, அலுமாரிக் கதவின் உட்புறத்தில் தொங்கவிட்டேன். போன சிறுபோகத்துக்குப் பின்னான படியைப் பொருளாளர் அக்காவின் மகள் அந்த மட்டையைப் பார்த்துத் தானே எடுத்தாள். நான் பக்கத்துக் கதிரையில் சும்மா இருந்தேன். அவள் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி: "அண்ணா, மட்டையில sdc எண்டு கிடக்கு, இங்க 37.3 எண்டு வாறது sdb. நான் எதை அடிக்கிறது?" மட்டையில் அந்த இடத்தை வெறுமையாக்கி, "அளவைப் பார்த்து நிரப்புக" என்று மாற்றி எழுதினோம்.